குழாய் உணவு: தண்ணியாகப் போகிறது, வேகத்தை இன்னும் எவ்வளவு குறைக்க வேண்டும்?

இரவுப்பணி:
அப்பாவுக்குப் பக்கவாதத்துக்குப் பிறகு வயிற்றில் பெக் குழாய் வைத்திருக்கிறது, வாய்வழியாக எதுவும் கொடுப்பதில்லை. எடை 60 கிலோ. முதலில் ஒரு மில்லிக்கு ஒரு கலோரி வரும் சாதாரண ஃபீட் கொடுத்தோம், 300 மில்லி வீதம் ஐந்து வேளை. அப்போது மலம் போவதில் எந்தத் தொல்லையும் இல்லை. ஒவ்வொரு வேளையும் வயிறு உப்பிக்கொண்டது போல் இருந்ததால் கெட்டியான ஃபீட்டுக்கு மாற்றச் சொன்னார்கள், மில்லிக்கு ஒன்றரை கலோரி, நார்ச்சத்து சேர்த்தது, 200 மில்லி வீதம் ஐந்து வேளை. அதன் பிறகு முதலில் சில நாள் மலமே போகவில்லை, அப்புறம் தண்ணியாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிய ஆரம்பித்துவிட்டது. ஒரு நாளைக்கு ஆறேழு தடவை டயப்பர் மாற்றுகிறேன், பின்புறத் தோல் சிவந்துபோய்விட்டது.

சிரிஞ்சில் ஊற்றிப் பத்து நிமிடத்தில் இறங்கிக்கொண்டிருந்ததை அரை மணி நேரம் ஆக்கிவிட்டேன். ஃபீட் கெட்டி அதிகமோ என்று 130 மில்லி ஃபீட்டோடு 70 மில்லி தண்ணீர் கலந்து அதே 200 மில்லியாகவும் கொடுத்துப் பார்க்கிறேன். ஒன்றும் மாறவில்லை. வேகத்தை இன்னும் எவ்வளவு குறைக்கலாம்? ஒரு மணி நேரம் வரை இழுக்கலாமா?

சங்கு:
இழுக்கலாம், தாராளமாக. என் அம்மாவுக்கு இதேதான் நடந்தது. வேகம்தான் எல்லாவற்றுக்கும் காரணம், கெட்டியான ஃபீட் குடலுக்குள் விறுவிறுவென்று இறங்கினால் அது தண்ணீரை இழுத்துக்கொண்டு பேதியாகத்தான் போகும். சிரிஞ்சைத் தூக்கிப் பிடிக்காதீர்கள், பை வாங்கிச் சக்கரக் கிளாம்ப்பைத் திருகி ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடவிடுங்கள். நிற்கவில்லையென்றால் பேதி நிறுத்துகிற மாத்திரையைப் பொடித்துக் குழாயில் கொடுத்தால் ஒரே நாளில் கட்டிவிடும். நார்ச்சத்து போதவில்லையென்றால் இசப்கோல் உமி ஒரு ஸ்பூன் போடலாம், மலத்தைக் கட்டியாக்கும்.

நெட்டிலிங்கம்:
குழாய் அடைத்துக்கொண்டால் பதறாதீர்கள். பெரிய சிரிஞ்சில் வெதுவெதுப்பான தண்ணீர் எடுத்து மெதுவாக உள்ளே தள்ளி வெளியே இழுத்து, மறுபடி தள்ளி, இப்படிச் செய்துகொண்டே இருங்கள், அரை மணி நேரம் கழித்தாவது திறந்துவிடும். சின்ன சிரிஞ்ச் வேண்டாம், அழுத்தம் அதிகம், குழாய் வெடித்துவிடும். குளிர்பானம் எல்லாம் ஊற்றாதீர்கள்.

இரவுப்பணி:
நன்றி, ஆனால் குழாய் அடைக்கவில்லை. தண்ணியாகப் போவதுதான் பிரச்சனை.

நெட்டிலிங்கம்:
ஓ, "தண்ணியாகப் போகிறது" என்றதைக் குழாய் அடைத்துக்கொண்டு கசிகிறது என்று எடுத்துக்கொண்டேன். சரி, அடைத்தால் மேலே சொன்னது உதவும்.

பழைய_வார்டு:
சங்கு சார் சொன்ன மாத்திரையைத் தயவுசெய்து கொடுத்துவிடாதீர்கள். இசப்கோலும் வேண்டாம். காரணம் சொல்கிறேன், அதற்கு முன் நான்கு கேள்வி.

கசிய ஆரம்பிப்பதற்கு முன் எத்தனை நாள் மலம் போகாமல் இருந்தது, தோராயமாகச் சொன்னால் போதும். ஒவ்வொரு தடவையும் எவ்வளவு வருகிறது, டயப்பர் நிறையவா இல்லை கறை மாதிரியா. ஃபீட் கொடுத்தவுடன் வருகிறதா, நேரங்காலம் இல்லாமல் வருகிறதா. சிறுநீர் என்ன நிறம். இதோடு ஃபீட்டுக்கு முன்னும் பின்னும் ஃபிளஷ் எவ்வளவு தண்ணீர் விடுகிறீர்கள், மருந்துகள் என்னென்ன, காய்ச்சல் உண்டா, சமீபத்தில் ஆன்டிபயாடிக் எதுவும் கொடுத்தார்களா என்பதும் தெரிய வேண்டும்.

(நான்கு என்று சொல்லிவிட்டு எட்டு கேட்டுவிட்டேன், பழக்கதோஷம்.)

இரவுப்பணி:
ஒரு வாரத்துக்குக் கிட்டத்தட்ட ஒன்றும் போகவில்லை அக்கா. இப்போது வருவது கொஞ்சம்தான், காப்பித் தண்ணி மாதிரி, நாற்றம் மிக அதிகம். ஃபீட்டுக்கும் அதற்கும் நேரப் பொருத்தம் இல்லை, இரவு தூங்கும்போதும் கசிகிறது, புரட்டிப் படுக்க வைத்தால் வருகிறது. சிறுநீர் கருமஞ்சள், முன்பைவிடக் குறைவு. ஃபீட்டுக்கு முன் 30 மில்லி, பின் 30 மில்லி, முதலிலிருந்தே அப்படித்தான். மருந்து கரைக்க மொத்தம் நூறு மில்லி ஆகும். காய்ச்சல் இல்லை, ஆன்டிபயாடிக் இல்லை. அடிவயிறு இடப்பக்கம் தொட்டால் கொஞ்சம் கெட்டியாக இருக்கிறது. பசியில் முனகுவது போல இருக்கிறது, அது என் பிரமையாகவும் இருக்கலாம்.

பழைய_வார்டு:
பிரமை இல்லை. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

இது பேதி இல்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. மலச்சிக்கல். கீழே மலக்குடலில் மலம் இறுகி அடைத்துக்கொண்டிருக்கும், மேலே இருந்து வருகிற இளகிய மலம் அந்தக் கட்டியின் ஓரமாக வழிந்து வெளியே வரும். வீட்டில் பார்ப்பவர்கள் எல்லோரும் அதைப் பேதி என்றுதான் நினைப்பார்கள், வார்டில் புதிதாக வருகிற பிள்ளைகளும் அப்படித்தான் எழுதிவைப்பார்கள். பல நாள் ஒன்றும் போகாமல் இருந்துவிட்டு அப்புறம் கசிவது, அளவு கொஞ்சமாக இருப்பது, ஃபீட் நேரத்தோடு சம்பந்தமில்லாமல் வருவது, புரட்டினால் வருவது, இவையெல்லாம் சேர்ந்து இருந்தால் முதலில் அடைப்பைத்தான் சந்தேகப்பட வேண்டும். இந்த நிலையில் குடலின் அசைவை நிறுத்துகிற மாத்திரை கொடுத்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். இசப்கோல் குழாய்க்குள்ளேயே கூழாகிக் குழாயை அடைக்கும், அது இன்னொரு வம்பு.

உறுதி செய்ய வேண்டியது கையுறை போட்ட விரல்தான், ஆனால் அது உங்கள் விரல் இல்லை. வீட்டுக்கு வரும் நர்ஸ் அல்லது டாக்டர் மலத்துவாரத்தில் பார்த்துச் சொல்ல வேண்டும். நீங்களே தோண்டி எடுக்க முயலாதீர்கள், ரத்தம் வரலாம், வயதானவர்களுக்கு இதயத் துடிப்பு திடீரென்று குறையவும் செய்யும். எனிமாவா, என்ன எனிமா என்பதை அவர்கள் முடிவு செய்யட்டும். வயிறு கல்லாக உப்பினாலோ, வாந்தி வந்தாலோ, ரத்தம் தெரிந்தாலோ காத்திருக்காமல் ஃபீட்டை நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

சங்கு:
அதெப்படி, ஃபீட் மாற்றியவுடன்தானே ஆரம்பித்தது? நார்ச்சத்து வேறு புதிதாகச் சேர்ந்திருக்கிறது. நார்ச்சத்து போட்டால் மலச்சிக்கல் எப்படி வரும், சரியாகத்தானே ஆக வேண்டும்?

பழைய_வார்டு:
நல்ல கேள்வி. ஃபீட் மாற்றியதால்தான் வந்தது, நீங்கள் சொல்வது சரி. ஆனால் வேகத்தால் இல்லை, தண்ணீரால்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஃபீட் முழுவதும் தண்ணீர் இல்லை. ஒரு கலோரி ஃபீட்டில் நூற்றுக்கு 84 பங்கு போலத் தண்ணீர், மீதி சத்து. ஒன்றரை கலோரி ஃபீட்டில் 77 பங்கு போல. டப்பாவில் போட்டிருக்கும், கொஞ்சம் கூடக்குறைய இருக்கும். முன்பு 1500 மில்லி ஃபீட் போனது, அதில் தண்ணீர் 1260. ஃபிளஷ் ஐந்து வேளைக்கு 300, மருந்துக்கு 100. மொத்தம் 1660. இப்போது 1000 மில்லி ஃபீட், அதில் தண்ணீர் 770. ஃபிளஷும் மருந்தும் அதே 400. மொத்தம் 1170. கலோரி மாறவில்லை, இரண்டுக்கும் 1500தான். ஆனால் சத்தமில்லாமல் அரை லிட்டர் தண்ணீர் காணாமல் போய்விட்டது. கிலோவுக்கு 30 மில்லி என்று வைத்தால் 60 கிலோவுக்கு 1800 வேண்டும். 600க்கு மேல் துண்டு விழுகிறது. கருமஞ்சள் சிறுநீர் அதைத்தான் சொல்கிறது.

இதற்கு நடுவில் நார்ச்சத்து வேறு புதிதாக உள்ளே போகிறது. அது மலத்தை இளக்குவது தண்ணீரைப் பிடித்துவைத்துக்கொள்வதால்தான். பிடித்துவைக்கத் தண்ணீரே இல்லாவிட்டால், அதுவும் படுத்த படுக்கையில் குடல் மெதுவாக நகர்பவருக்கு, அது சும்மா பருமனைக் கூட்டி இறுக்கத்தான் செய்யும். நார்ச்சத்தைக் கூட்டும்போது தண்ணீரையும் கூட்ட வேண்டும், இங்கே ஒன்று ஏறியது, மற்றது இறங்கிவிட்டது.

இரவுப்பணி:
ஃபீட்டை மாற்றச் சொன்னபோது ஃபிளஷை மாற்றச் சொல்லி யாரும் சொல்லவே இல்லையே. சரி, நான் இப்போது 70 மில்லி தண்ணீர் கலக்கிறேனே, அது கணக்கில் வராதா?

உணவுக்கணக்கு:
டயட்டீஷியனாக வேலை பார்க்கிறேன், இதற்கு நான் பதில் சொல்கிறேன். வரும், ஆனால் நீங்கள் நினைப்பது போல் இல்லை. 70 மில்லி தண்ணீர் சேர்த்தபோது 70 மில்லி ஃபீட்டை எடுத்துவிட்டீர்கள் அல்லவா? அந்த ஃபீட்டிலேயே 54 மில்லி தண்ணீர் இருந்தது. ஆக ஒரு வேளைக்குக் கிடைத்த லாபம் 16 மில்லி, ஒரு நாளைக்கு 80. நஷ்டம் என்ன தெரியுமா? நாள் முழுவதும் ஃபீட் 650 மில்லிதான் போகிறது, 1500 கலோரியில் 525 போய்விட்டது. புரதமும் மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிட்டது. அந்த முனகல் பிரமை இல்லை என்று அக்கா சொன்னது இதனால்தான்.

தண்ணீர் கொடுக்க வேண்டுமென்றால் தண்ணீராகவே கொடுங்கள், தனியாக, ஃபிளஷாக. ஃபீட்டோடு கலந்தால் கை படுகிறது, பாத்திரம் படுகிறது, கிருமி சேர வழி. அப்படிக் கலந்ததை வெளியில் வைத்து நான்கு மணி நேரத்துக்கு மேல் ஓடவிடக் கூடாது. நிஜமான பேதிக்கே அது ஒரு காரணம். கலந்து கொடுத்தால் பேதி நிற்கும் என்பது பழைய நம்பிக்கை, இன்னும் சிலர் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

குட்டியின்_அம்மா:
குறுக்கே வருகிறேன், மன்னியுங்கள். என் மகளுக்குக் குழாய் வயிற்றில் இல்லை, சிறுகுடலில் இருக்கிறது. வெளியூர் போக வசதியாக இருக்கட்டும் என்று பம்ப்புக்குப் பதில் சிரிஞ்சில் கொடுத்துப் பார்த்தோம். பத்து நிமிடத்தில் வியர்த்து, முகம் வெளுத்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டாள், அப்புறம் பேதி. ஃபீட் கெட்டுப்போயிருந்ததா?

பழைய_வார்டு:
ஃபீட் மேல் குற்றம் இல்லை அம்மா. சங்கு சார் முதலில் சொன்னது உங்கள் மகளுக்கு அப்படியே பொருந்தும். இரைப்பை ஒரு பை, 200 மில்லி ஊற்றினாலும் வைத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே விடும். சிறுகுடலில் அந்தப் பை கிடையாது. அங்கே ஒரே மூச்சில் ஊற்றினால் குடல் உடலிலிருந்து தண்ணீரை இழுத்துக்கொள்ளும், ரத்த ஓட்டம் குறைந்து வியர்க்கும், படபடக்கும், அப்புறம் பேதி. சிறுகுடல் குழாய்க்குப் பம்ப்தான், விடாமல் மெதுவாக. குழந்தைக்கு மணிக்கு எத்தனை மில்லி என்பதை அவளைப் பார்க்கும் டாக்டர்தான் சொல்ல வேண்டும், இங்கே யாராவது எண் சொன்னால் எடுத்துக்கொள்ளாதீர்கள். தூக்கிச் செல்லும் பைக்குள் வைக்கிற சின்ன பம்ப் உண்டு, அதைப் பற்றிக் கேளுங்கள்.

சங்கு:
பாருங்கள், வேகம் முக்கியம் என்றுதானே நானும் சொன்னேன்.

பழைய_வார்டு:
முக்கியம்தான் சார், யார் இல்லை என்றார்கள். எப்போது என்பதில்தான் பேச்சே. வேகத்தால் வருகிற பேதிக்கு ஒரு நேரக்கணக்கு இருக்கும். ஃபீட் ஓடும்போதோ முடிந்து அரை மணி நேரத்துக்குள்ளோ வயிறு இழுக்கும், தண்ணியாக நிறையப் போகும், ஃபீட் இல்லாத இரவில் அமைதியாக இருக்கும். அப்படி இருந்தால் 200 மில்லியைப் பத்து நிமிடத்திலிருந்து முப்பது நாற்பது நிமிடத்துக்கு நீட்டினாலே ஓரிரு நாளில் வித்தியாசம் தெரியும். இல்லையென்றால் ஐந்து வேளையை ஏழாகப் பிரிக்கலாம். பம்ப் வைத்திருப்பவர்கள் கடைசியாக ஒத்துக்கொண்ட வேகத்துக்கு இறங்கி ஒரு நாள் அங்கே நின்றுவிட்டு, மணிக்கு 10 அல்லது 20 மில்லியாக மெல்ல ஏற்ற வேண்டும். நீட்டியும் மாறவில்லை, இரவிலும் போகிறது என்றால் வேகத்தோடு மல்லுக்கட்டுவதை விட்டுவிட்டு வேறு காரணம் தேட வேண்டும். இரவுப்பணி அரை மணி நேரம் வரை நீட்டிப் பார்த்துவிட்டார், மாறவில்லை. அதுவே ஒரு பதில்தானே.

பையில் சொட்டு எண்ணுவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. பொதுவாக 20 சொட்டு ஒரு மில்லி என்பார்கள், ஆனால் கெட்டி ஃபீட்டின் சொட்டு வேறு அளவு, தவிர 200 மில்லியை நாற்பது நிமிடத்தில் விட வேண்டுமென்றால் நிமிடத்துக்கு நூறு சொட்டு, யார் கண்ணுக்கும் எண்ண வராது. பையில் 100 மில்லிக் கோடு எப்போது வருகிறது என்று கடிகாரத்தைப் பாருங்கள். இருபது நிமிடத்தில் வந்தால் சரி. சிரிஞ்சில் கொடுப்பவர்களுக்குக் கிளாம்ப் கிடையாது, உயரம்தான் கிளாம்ப், ஒரு சாண் இறக்கிப் பிடித்தால் ஓட்டம் தளரும். தண்டைப் போட்டு அழுத்தித் தள்ளாதீர்கள்.

சங்கு:
சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் என் அம்மாவுக்கு வேகத்தைக் குறைத்ததும் ஃபீட் மாற்றியதும் ஒன்றும் பலிக்கவில்லை, கடைசியில் தானாக நின்றது. அது ஏனென்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

உணவுக்கணக்கு:
அப்போது என்னென்ன மருந்து போய்க்கொண்டிருந்தது, நினைவிருக்கிறதா?

சங்கு:
பொட்டாசியம் சிரப் ஒன்று, மூன்று வேளை. காய்ச்சலுக்கு ஒரு சிரப். மாத்திரை குழாயை அடைக்கிறது என்று எல்லாவற்றையும் சிரப்பாக மாற்றிக் கொடுத்திருந்தார்கள். பொட்டாசியத்தை நிறுத்திய சமயத்தில்தான் பேதியும் நின்றது என்று நினைக்கிறேன்.

உணவுக்கணக்கு:
அங்கேதான் இருக்கும் என்று சந்தேகப்படுகிறேன், இத்தனை நாள் கழித்து உறுதியாகச் சொல்ல முடியாது. சிரப்புகளில் இனிப்புக்காகச் சார்பிட்டால் சேர்ப்பார்கள். அது குடலில் சரியாக உறிஞ்சப்படாது. ஒரு நாளைக்குப் பத்து கிராம் போனாலே சிலருக்கு உப்புசம், இருபதைத் தாண்டினால் பலருக்குப் பேதி. ஒரு சிரப்பில் கொஞ்சம்தான் இருக்கும், மூன்று நான்கு சிரப் மூன்று வேளை போகும்போது சேர்ந்துவிடும். பொட்டாசியம் சிரப் தானாகவே செறிவானது, நீர்க்காமல் கொடுத்தாலும் குடலுக்குள் தண்ணீரை இழுக்கும். மெக்னீசியம் உள்ள அமிலமுறிவு மருந்தும் அப்படித்தான். குழாய் உணவில் இருப்பவருக்குப் பேதி என்றால் ஃபீட்டைத்தான் எல்லோரும் முதலில் குற்றம் சொல்வார்கள், நான் முதலில் கேட்பது மருந்துச் சீட்டைத்தான். நீங்களாக மருந்தை நிறுத்தாதீர்கள், சீட்டை எடுத்துப் போய் மாற்று உண்டா என்று கேளுங்கள்.

இன்னொன்று, ஆன்டிபயாடிக் கொடுத்து முடித்து இரண்டு மாதத்துக்குள் நாளுக்கு மூன்று தடவையோ அதற்கு மேலோ தண்ணியாகப் போனால், மலத்தைப் பரிசோதனைக்குக் கொடுக்கும் வரை பேதி நிறுத்தும் மாத்திரையைத் தொடவே கூடாது. குடலில் ஒரு கெட்ட கிருமி பெருகியிருக்கலாம், அதை உள்ளேயே அடைத்துவைப்பது ஆபத்து.

இரவுப்பணி:
நர்ஸ் வந்து பார்த்தார். அக்கா சொன்னதேதான், கீழே கல் மாதிரி இறுகியிருந்ததாம். டாக்டரிடம் போனில் பேசிவிட்டு எனிமா கொடுத்தார், முதல் தடவை பாதிதான் வந்தது, மறுநாளும் கொடுக்க வேண்டியிருந்தது. வந்த அளவைப் பார்த்து எனக்கு மயக்கமே வந்துவிட்டது. கசிவு நின்றுவிட்டது. ரத்தப் பரிசோதனையில் சோடியமும் யூரியாவும் கொஞ்சம் கூடுதல், தண்ணீர் பற்றாக்குறைதான் என்றார் டாக்டர். இதயம், சிறுநீரகம் இரண்டும் நன்றாக இருக்கின்றன, தண்ணீரை 1800 வரை ஏற்றலாம் என்று சொல்லிவிட்டார். மலமிளக்கி ஒன்று, மேக்ரோகால் பொடி, தினம் ஒரு பாக்கெட் எழுதியிருக்கிறார்.

இப்போது அந்த 600 மில்லியை எப்படிப் பிரிப்பது? ஒரே நேரத்தில் ஊற்றினால் வாந்தி வருமோ என்று பயமாக இருக்கிறது.

பழைய_வார்டு:
ஒரே நேரத்தில் வேண்டாம். ஃபீட்டுக்கு முன் 30 இருந்ததை 60 ஆக்குங்கள், பின்னும் 60. ஐந்து வேளைக்கு 600 ஆயிற்று. ஃபீட்டுக்கு நடுவில் வயிறு காலியாக இருக்கும் நேரத்தில், காலையில் ஒன்று மாலையில் ஒன்று, 150 வீதம் தனித் தண்ணீர். மருந்துக்கு அந்த நூறு. ஃபீட்டில் இருக்கும் 770ஐயும் சேர்த்தால் 1770. போதும், முப்பது மில்லிக்காக யாரும் சண்டை போட மாட்டார்கள். ஃபீட்டைப் பழையபடி கலக்காத 200 மில்லிக்குக் கொண்டுவந்துவிடுங்கள், அரை மணி நேரத்தில் விடுங்கள், தலைப்பக்கம் 30லிருந்து 45 டிகிரி உயரமாக, முடிந்த பிறகும் ஒரு மணி நேரம் அப்படியே.

முதல் நாளே முழுதையும் ஏற்றாமல், இரண்டு மூன்று நாளில் படிப்படியாக வாருங்கள். சிறுநீர் வெளிர்மஞ்சளாக மாறுகிறதா, கால் வீங்குகிறதா, மூச்சு வாங்குகிறதா என்று பாருங்கள். மேக்ரோகால் பொடியைக் கரைக்கிற தண்ணீரை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள், அந்தப் பொடி அந்தத் தண்ணீரைக் குடலிலேயே பிடித்துவைத்துக்கொள்ளும், உடம்புக்குப் போய்ச் சேராது. பலரும் தவறவிடுவது இது.

ஆறாம்மாடி:
என் கணவருக்கு இதயம் பலவீனம், தண்ணீர் எல்லாம் சேர்த்து 1200க்கு மேல் கூடாது என்று கட்டளை. மூக்குக் குழாய், அதே ஒன்றரை கலோரி ஃபீட். அவருக்கும் மலச்சிக்கல். கிலோவுக்கு 30 என்று பார்த்தால் எங்கேயோ போகிறது. அப்படியென்றால் நார்ச்சத்து ஃபீட்டை நிறுத்திவிட வேண்டுமா?

பழைய_வார்டு:
உங்களுக்கு அந்த 30 கணக்கே கிடையாது, டாக்டர் போட்ட கோட்டைத் தாண்டாதீர்கள். தண்ணீரைக் கூட்ட முடியாத இடத்தில் நார்ச்சத்தையும் கூட்டக் கூடாது என்பது என் கட்சி. நார்ச்சத்து இல்லாத ஃபீட், அதோடு மலமிளக்கி. அப்படித்தான் நாங்கள் பார்த்துவந்தோம்.

உணவுக்கணக்கு:
இதில் நான் அக்காவோடு முழுவதும் ஒத்துப்போக மாட்டேன். எல்லா நார்ச்சத்தும் ஒன்றில்லை. கரையாத நார், அதாவது சோயா நார் போன்றது, பருமனைக் கூட்டும், தண்ணீர் குறைவாக இருப்பவருக்கு அது ஆபத்து என்பது சரி. ஆனால் தண்ணீரில் கரைந்து குழாயில் சிக்காமல் போகிற வகை ஒன்று உண்டு, பாதி உடைத்த குவார் கோந்து. அதைப் பெருங்குடல் கிருமிகள் புளிக்கவைத்துச் சாப்பிடும், அதிலிருந்து வரும் கொழுப்பு அமிலங்கள் குடல் தண்ணீரையும் உப்பையும் உறிஞ்ச உதவும். அதனால்தான் அது பேதிக்கும் உதவுகிறது, சிக்கலுக்கும் ஓரளவு உதவுகிறது. நாளுக்கு ஐந்து கிராமில் ஆரம்பித்துச் சில நாள் பொறுத்து ஏற்றினால் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும். வாயு வரும், அது உண்மை. ரத்த அழுத்தம் இறங்கி, குடலுக்கு ரத்தம் சரியாகப் போகாத நிலையில் இருப்பவருக்கு மட்டும் எந்த நாரும் வேண்டாம்.

பழைய_வார்டு:
இதயம் பலவீனமானவருக்குக் குடல் ரத்த ஓட்டம் எப்படி இருக்கிறது என்று வீட்டில் உட்கார்ந்து யார் சொல்ல முடியும்? அதனால்தான் நான் தயங்குகிறேன்.

உணவுக்கணக்கு:
சொல்ல முடியாது. அதனால் அவருடைய டாக்டரிடம் இந்த வகையைக் குறிப்பிட்டே கேட்கட்டும், வேண்டாம் என்றால் வேண்டாம்.

சங்கு:
தயிரில் இருக்கிற நல்ல கிருமி, பொடியாக வருகிறதே, அதைக் கொடுத்தால்? எல்லோரும் சொல்கிறார்கள்.

உணவுக்கணக்கு:
ஆன்டிபயாடிக் பேதிக்குச் சில வகைகள் உதவலாம். மலச்சிக்கலுக்கு நான் பெரிதாக எதிர்பார்க்க மாட்டேன். எதிர்ப்புச் சக்தி குறைந்தவருக்கும், கழுத்து நரம்பில் ஊசிக்குழாய் இருப்பவருக்கும் கொடுக்கக் கூடாது, அந்தக் கிருமியே ரத்தத்தில் கலந்துவிடலாம்.

இரவுப்பணி:
இப்போதைய நிலவரம். சிறுநீர் வெளிர்மஞ்சள். மலம் ஒரு நாள் விட்டு ஒரு நாள், மெத்தென்று நன்றாக வருகிறது. எடை குறையாமல் நிற்கிறது, முனகலும் இல்லை. மேக்ரோகாலை ஒரு நாள் விட்டுக் கொடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் வயிறு மாலையில் உப்புகிறது, வாயு நிறையப் பிரிகிறது. நார்ச்சத்து ஃபீட் மொத்தம் 1000 மில்லி, டப்பாவில் 15 கிராம் என்று இருக்கிறது. இதை நிறுத்திவிடவா?

உணவுக்கணக்கு:
பூஜ்யத்திலிருந்து ஒரே நாளில் 15 கிராமுக்குத் தாவிவிட்டது, வாயு வராமல் என்ன செய்யும். அதே கம்பெனியில் அதே ஒன்றரை கலோரியில் நார் இல்லாதது இருக்கும். மூன்று வேளை அது, இரண்டு வேளை நார் உள்ளது என்று வைத்தால் நாளுக்கு ஆறு கிராம். ஒரு வாரம் உப்புசம் இல்லாமல் போனால் இன்னொரு வேளையை நார் உள்ளதாக மாற்றுங்கள். தண்ணீரைத் தொடாதீர்கள், அது 1770லேயே இருக்கட்டும். ஃபீட், வேகம், தண்ணீர், மருந்து, இதில் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும், இல்லையென்றால் எது வேலை செய்தது என்று தெரியாமல் சங்கு சார் மாதிரி ஆகிவிடும்.

சங்கு:
என்னை எதற்கு இழுக்கிறீர்கள்!

பழைய_வார்டு:
ஒரு நோட்டில் தேதி, ஃபீட், தண்ணீர், சிறுநீர் நிறம், மலம் எப்போது எப்படி, இவ்வளவு மட்டும் எழுதுங்கள். மூன்று நாள் மலம் இல்லையென்றால் மேக்ரோகாலைத் தினமும் என்று மாற்றலாமா என்று டாக்டரைக் கேளுங்கள், மறுபடி கசியும் வரை காத்திருக்காதீர்கள். தோலுக்குத் துத்தநாக ஆக்சைடு களிம்பு கனமாகப் பூசுங்கள், ஒவ்வொரு தடவையும் முழுவதும் தேய்த்து எடுக்க வேண்டாம், அழுக்கான மேல்பூச்சை மட்டும் துடைத்தால் போதும்.

குட்டியின்_அம்மா:
பம்ப்புக்கே திரும்பிவிட்டோம், வியர்வை இல்லை. தூக்கிச் செல்லும் பம்ப் கேட்டிருக்கிறோம். ஒரு சந்தேகம், அவளுக்கும் ஃபிளஷ் 60 மில்லி கொடுக்கலாமா?

பழைய_வார்டு:
குழந்தைக்கு அந்த அளவு கூடாது அம்மா, எடையைப் பொறுத்து மிகக் குறைவாகத்தான் இருக்கும். சிறுகுடலில் ஒரே மூச்சில் தண்ணீர் போனாலும் இழுக்கும். எத்தனை மில்லி, எத்தனை மணி நேரத்துக்கு ஒரு தடவை, கொதிக்கவைத்து ஆறிய தண்ணீரா என்று மூன்றையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

ஆறாம்மாடி:
டாக்டரிடம் அந்தக் குவார் கோந்து பற்றிக் கேட்டேன். பார்த்துச் சொல்கிறேன் என்றார், இன்னும் சொல்லவில்லை. இப்போதைக்கு நார் இல்லாத ஃபீட்டும் மலமிளக்கியும்தான், பரவாயில்லாமல் போகிறது. மேக்ரோகால் பாக்கெட்டைக் கரைக்கும் தண்ணீர் அவருடைய 1200க்குள் வருமா வராதா? அக்கா உடம்புக்குச் சேராது என்கிறார், எங்கள் நர்ஸ் எல்லாத் தண்ணீரையும் எழுது என்கிறார்.

பழைய_வார்டு:
உங்கள் நர்ஸ் சொல்வது போலவே எழுதுங்கள். தண்ணீர் போதவில்லை என்று ஏற்றுகிறவர் அதைக் கணக்கில் சேர்த்தால் ஏமாந்துபோவார், அதனால் அவருக்கு வேண்டாம் என்றேன். தண்ணீரைக் கட்டுப்படுத்துகிறவர் சேர்க்காமல் விட்டால் ஆபத்து அந்தப் பக்கம். நோட்டில் தனி வரியாக எழுதி, அடுத்த தடவை டாக்டரிடம் காட்டி அவர் எந்தப் பக்கம் வைக்கிறார் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.